ஸ்டேப்ளர் இடப்பெயர்ச்சி: ஒரு முன்னோட்ட ஆய்வு

அலுவலக மேஜையில் உள்ள பொருள்கள் தாமாக நடப்பதில்லை என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. அவற்றை எடுத்துப்போகிறவரிடம், முகம் கோணாதபடி, 'கேட்டுவிட்டு எடுங்கள்' என்று சொல்வது எப்படி என்பதைத்தான் இதுவரை யாரும் ஆராயவில்லை. இக்கட்டுரை பத்தாம் நம்பர் ஸ்டேப்ளரோடு நின்றுகொள்கிறது. பேனா, குடை, டிபன் பாக்ஸ் ஊறுகாய் ஆகியவை தனித்தனி முனைவர் பட்டங்களுக்கு உரியவை.

ஸ்டேப்ளர் தடயத்தோடு திரும்பும் பொருள். காலையில் 50 பின் கொண்ட முழுப் பட்டையோடு போனது, மாலையில் காலியாக வரும். அல்லது, இருபது தாளுக்கு மேல் தாங்காத வாயில் நாற்பதைத் திணித்ததால், மடங்கிய பின் ஒன்று முனையில் சிக்கியபடி வரும். அதைக் குண்டூசியால் நெம்பும் வேலை உரிமையாளருடையது.

இது திருட்டா? இல்லை. 1860-ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 378-ஆம் பிரிவு (இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 303) இதற்கு ஓர் உதாரணமே தருகிறது. நண்பர் இல்லாதபோது அவருடைய நூலகத்திலிருந்து, படித்துவிட்டுத் திருப்பித் தரும் எண்ணத்தோடு ஒருவர் புத்தகத்தை எடுத்துப்போகிறார். நண்பருக்குச் சம்மதம்தான் என்று அவர் நினைத்திருந்தால் அது திருட்டாகாது. ஆக, நம் சக ஊழியரின் பலம் அவர் கையில் இல்லை, நம் மௌனத்தில் இருக்கிறது. அந்த நினைப்பை உடைக்காத எந்த முறையும் பலிக்காது.

ஜாடைப் பேச்சு தோற்பது இதனால்தான். "யாரோ என் ஸ்டேப்ளரை எடுத்துட்டாங்க போல" என்று மின்விசிறியைப் பார்த்துச் சொன்னால், எடுத்தவரே எழுந்துவந்து மேஜைக்கடியில் குனிந்து அக்கறையோடு தேடுவார். பெயரெழுதி ஒட்டுவதும் வீண். யாருடையது என்பதில் அவருக்கு என்றைக்குமே சந்தேகம் இருந்ததில்லை.

பலிப்பது நேர்ப்பேச்சு. அவர் கை ஸ்டேப்ளர்மேல் இருக்கும்போது சொல்லக் கூடாது, அது கையும் களவுமாகப் பிடித்ததாகிவிடும். நாலு பேர் முன்னாலும் கூடாது. டீக்கடைக்குப் போகும் வழி உத்தமம். "சார், ஸ்டேப்ளர் வேணும்னா தாராளமா எடுங்க, ஒரு வார்த்தை சொல்லிட்டு எடுங்க. நேத்து பில் எல்லாம் சேர்த்து வச்சுட்டு அதைத்தான் தேடிட்டு இருந்தேன்." இதில் பொருள் ஒன்றுதான், சம்பவமும் ஒன்றுதான். 'எப்பப் பார்த்தாலும்' என்ற சொல் வாயில் வந்தால் ஆய்வு சண்டையாகிவிடும். மறுப்பும் இல்லை, நிபந்தனை மட்டுமே. "ஐயோ, சொல்லக் கூடாதா சார்!" என்பார். அதற்குப் பதில் சொல்லாமல் டீக்காசை நாமே கொடுத்துவிடுவது நலம்.

பக்கவிளைவு ஒன்று உண்டு. இப்போது அவர் கேட்டுத்தான் எடுக்கிறார். நாம் மேலதிகாரியோடு போனில் பேசும்போது எதிரே வந்து நின்று, ஸ்டேப்ளரை உயர்த்திக் காட்டி, தலையாட்டும்வரை நகர்வதில்லை.