ஜூன் மாத விருந்தாளி

ஜூன் ஆண்டுதோறும் ஜூனில்தான் வருகிறது. இருந்தும் அப்பாக்களுக்கு அது சொல்லாமல் வந்த விருந்தாளி. தனியார் பள்ளியில் ஒரு பிள்ளைக்குப் போன வருட ரசீதுப்படி புத்தகம் 7,000, சீருடை 4,500, பையும் ஷூவும் 2,500, வேன் முன்பணம் 4,000 என்று வைத்துக்கொள்வோம். ஆக 18,000. டிசம்பர் முதல் மே வரை மாதம் 3,000 எடுத்துவைத்தால் தீர்ந்தது. நடுவில் வரும் பொங்கலுக்கும் தாய்மாமன் சீருக்கும் இந்தக் கணக்கு தெரியாது, அவ்வளவுதான்.

பையை ஜனவரியிலேயே வாங்கலாம், கெட்டுப்போகாது. சீருடையை அப்படி முந்திக்கொண்டு தைத்தால், பிள்ளை பாட்டி வீட்டிலிருந்து இரண்டு அங்குலம் வளர்ந்து திரும்புவான். காலில் தாராளமாக மடிப்பு விடச் சொல்லுங்கள். நம்மைவிட முன்யோசனைக்காரர் வேன்காரர்தான்: வண்டி ஓடாத மே மாதத்துக்கும் வாடகை கேட்பார்.