பேசிக்கே தெரியாத கணக்கு

தருமபுரம் வீட்டுக்கு மாடி எடுக்க செங்கல் விலையெல்லாம் விசாரித்து முடித்த பிறகுதான், துபாய் கம்பெனியில் எனக்கு கிராஜுவிட்டி எவ்வளவு வரும் என்று விசாரித்தேன். காரைக்கால் பக்கத்துச் சபுராளிகளில் இப்படி ஒரு திட்டமிடலை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

மாதம் 2,500 திர்ஹம் சம்பளம், எட்டரை வருஷ சர்வீஸ். பெருக்கினேன்: 21,250. தப்பாகப் பெருக்கியதுகூடப் பரவாயில்லை, அதை வீட்டுக்காரியிடம் சொல்லித் தொலைத்துவிட்டேன்.

அக்கவுண்டன்ட் சிரிக்காமல் விளக்கினார். என் பேசிக் 1,200தான், மீதியெல்லாம் அலவன்ஸ். அமீரகத்தில் கிராஜுவிட்டிக்கு எடுப்பது கடைசியாக வாங்கிய பேசிக்கை மட்டும். மாதாமாதம் சம்பளச் சீட்டில் அந்த வரி இருந்திருக்கிறது. நான் அடியில் இருக்கும் மொத்தத்தை மட்டும் படிக்கிற ஜாதி.

முதல் ஐந்து வருஷத்துக்கு, வருஷம் ஒன்றுக்கு 21 நாள் பேசிக். அதற்கு மேல் ஒவ்வொரு வருஷத்துக்கும் 30 நாள். 1,200ஐ 30ஆல் வகுத்தால் நாளுக்கு 40 திர்ஹம். முதல் ஐந்து வருஷம் 105 நாள், 4,200. பிந்தின மூன்றரை வருஷமும் அதே 105 நாள், அதே 4,200. நான் வெயிலில் காய்ந்தது முதல் ஐந்து வருஷம். ஏசி ஸ்டோருக்கு மாறியது பிற்பாடு. சட்டம் வெயிலைக் கணக்கில் எடுப்பதில்லை.

சரி, 8,400 என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். தங்கச்சி கல்யாணத்துக்குச் சம்பளமில்லாத லீவில் ஆறு மாசம் ஊரில் கிடந்தது ஞாபகம் இருக்கா என்றார் அக்கவுண்டன்ட். அந்த நாளெல்லாம் சர்வீஸில் சேராதாம். எட்டு வருஷம், 195 நாள், 7,800. மாப்பிள்ளைக்குத் தெரியாமலே 600 திர்ஹம் கூடுதல் மொய்.

நானாக ராஜினாமா கொடுத்தால் வெட்டுவார்கள் என்று பயந்து, அவர்களே அனுப்பட்டும் என்று வேறு காத்திருந்தேன். 1980ஆம் வருஷச் சட்டத்தில் அந்த வெட்டு, ஐந்து வருஷம் முடிக்காதவர்களுக்குத்தான். 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்தில் அதுவும் கிடையாது. என் பயத்துக்கு மட்டும் யாரும் தேதி போடவில்லை.

உச்சம் இனிமேல்தான். கடைசி வருஷம் 300 திர்ஹம் இன்கிரிமென்ட் வந்தது. "பேசிக்கில் போடவா, சாப்பாட்டு அலவன்ஸில் போடவா?" என்று மேனேஜர் மரியாதையாகத்தான் கேட்டார். "சாப்பாட்டிலேயே போடுங்க சார்" என்றேன், என்னமோ அவரை ஏமாற்றிவிட்ட மாதிரி.

கைக்கு வருகிற 300 இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் பேசிக் 1,500 ஆகியிருந்தால் நாளுக்கு 50. கடைசி பேசிக்தான் கணக்கு என்பதால், அந்த 50 கடைசி வருஷத்துக்கு மட்டுமில்லை, எட்டு வருஷத்துக்கும் செல்லும். 195 நாளுக்கு 9,750. ஒரு வாய் வார்த்தையில் 1,950 திர்ஹத்தைத் தின்றிருக்கிறேன்.

வேலை முடிந்து 14 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். கம்பெனி ஒழுங்காகக் கொடுத்துவிட்டது, குறை சொல்ல ஆளில்லை. அங்கே இருக்கிற தம்பிமார்களே, இன்கிரிமென்ட் வந்தால் எவ்வளவு என்று கேட்டதோடு விடாமல், எந்த வரியில் ஏற்றுகிறார்கள் என்றும் கேளுங்கள். சாப்பாடு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.