தலைகீழ் லண்டன்

போனக்காட்டு லயத்தில் என் மாமாவிடம் எண்கள் இல்லாமல் கோடு மட்டும் போட்ட கைக்கடிகாரம் ஒன்று உண்டு. லண்டனில் மணி என்ன என்று கேட்டால், கழற்றித் தலைகீழாகப் பிடித்துச் சொல்லிவிடுவார். நமக்கும் கிரீன்விச்சுக்கும் ஐந்தரை மணி வித்தியாசம் என்பதால் இந்த வித்தை பலிக்கிறது. பகல் 12:45-க்குத் திருப்பினால் பெரிய முள் மூன்றில் வந்து நிற்கும், சின்ன முள் ஏழை நெருங்கியிருக்கும். காலை 7:15. சின்ன முள் ஏழைத் தாண்டாமல் நிற்பதை மட்டும் கண்டுகொள்ளக் கூடாது.

அங்கே முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் மகள் எட்டு மணிக்கு டியூட்டி ஏறுவாள். அதற்குள் பேசிவிட வேண்டும். சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு மாமா 12:45-க்கு ஏறுவார், அத்தை பின்னாலேயே போவாள்.

ஏப்ரல் பிறந்ததும் பிள்ளை போனை எடுக்கவில்லை. "ஏதோ ஆயிப்போச்சு" என்று அத்தை மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆனது இவ்வளவுதான்: மார்ச் கடைசி ஞாயிறன்று பிரிட்டன்காரர்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவிட்டார்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு வரை வித்தியாசம் நாலரை மணிதான். மாமாவின் 7:15 அங்கே 8:15.

மாமாவின் போனில் கடிகாரச் செயலியைத் திறந்து, பிளஸ் குறியைத் தொட்டு, London என்று அடித்துச் சேர்த்துக் கொடுத்தேன். அவர் தம்பி மகனுக்காக Toronto-வும். Canada என்று மட்டும் தேடினால் போதாது. அந்த நாட்டுக்குள்ளேயே பல மணிகள் ஓடுகின்றன, ஊர்ப் பெயர்தான் வேண்டும். எந்த ஊர் எப்போது மணியை மாற்றும் என்ற கணக்குப் போனுக்குள்ளேயே இருப்பதால், சிக்னல் இல்லாத லயத்திலும் சரியாகக் காட்டும். ஒரு நாடு திடீரென்று சட்டத்தை மாற்றினால்தான் வம்பு. அப்டேட் காணாத பழைய போன் பழைய கணக்கையே பிடித்துக்கொண்டிருக்கும்.

காலை ஏழு மணிக்கு டொராண்டோவுக்குக் கீழே நேற்றைய தேதி என்று வந்தது. "கெட்டுப்போன போனா?" என்றார் மாமா. அங்கே முந்தைய நாள் இரவு ஒன்பதரை என்று விளக்கினேன். "அப்போ போன வருசம் அவன் பொறந்தநாளுக்கு விடியக்காலையிலேயே வாழ்த்துச் சொன்னேனே?"

"ஒரு நாள் முந்திச் சொல்லிட்டீங்க, மாமா."

"அதான் அந்தப் பய சிரிச்சானா!"

இப்போது லண்டன் மணி மாமாவுக்குத் தெரியும். ஆனால் மகளுக்கு நைட் டியூட்டி மாறினால், பகல் பதினொன்று என்று காட்டும் நேரத்தில் அவள் போர்வைக்குள் இருப்பாள். எந்தச் செயலிக்கும் அது தெரியாது. அத்தைக்குத் தெரியும். முதலில் தானே மேட்டுக்கு ஏறி, வாட்ஸ்அப்பில் மகள் கடைசியாக வந்துபோன நேரத்தைப் பார்ப்பாள், விரல் விட்டு எட்டு மணி நேரம் எண்ணுவாள், அப்புறம்தான் மாமாவை மேட்டுக்கு ஏறவிடுவாள்.