எலிமினேட்டரும் பவர் பேங்கும்

எண்பதுகளில் ராயபுரத்துக்காரர்களுக்கு எலெக்ட்ரானிக் சாமான் என்றால் பர்மா பஜார்தான். பீச் ஸ்டேஷன் எதிரே, ராஜாஜி சாலை ஓரம், பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் போட்ட கடைகள். டேப் ரெக்கார்டருக்கு பேட்டரி எலிமினேட்டர் வாங்க அப்பா என்னை அங்கே கூட்டிப்போவார். பில் கிடையாது, கேரண்டி கிடையாது. அதனால் காசு கொடுப்பதற்கு முன்பே எல்லாச் சோதனையும் முடிந்துவிடும்.

அப்பா முதலில் அதைக் கையில் தூக்கிப் பார்ப்பார். உள்ளே இரும்புத் தகடும் செப்புக் கம்பிச் சுருளும் சேர்ந்த டிரான்ஸ்ஃபார்மர். கம்பியில் கஞ்சத்தனம் செய்தால் எடை குறையும். பிறகு கடையிலேயே பிளக்கில் மாட்டி, பத்து நிமிஷம் ஓடவிட்டு, தொட்டுப் பார்ப்பார், மோந்து பார்ப்பார். சூடோ வார்னிஷ் வாசமோ அதிகம் என்றால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுவார்.

இன்று திருவொற்றியூரில் என் வீட்டு வாசலுக்கே பார்சல் வருகிறது. பில் இருக்கிறது, திருப்பி அனுப்பும் வசதி இருக்கிறது. ஆனால் படத்தையும் நட்சத்திரங்களையும் பார்த்துப் பணம் கட்டிய பிறகுதான் பொருளே கைக்கு வருகிறது.

சார்ஜரும் மாறிவிட்டது. இப்போதைய சார்ஜருக்குள் கனத்த இரும்பு இல்லை. நல்லதும் லேசாகத்தான் இருக்கும். உயிரைக் காப்பது உள்ளே 230 வோல்ட் பக்கத்துக்கும் போன் பக்கத்துக்கும் நடுவே விடும் இடைவெளியும், அங்கே சுற்றும் இன்சுலேஷனும். போலி செய்பவர் மிச்சம் பிடிப்பது அங்கேதான். 2016-இல் யுஎல் என்ற பாதுகாப்புச் சோதனை நிறுவனம் ஆப்பிள் பெயரில் வந்த 400 போலி அடாப்டர்களைச் சோதித்தது. தேறியவை மூன்றே மூன்று. வெளியே இருந்து பார்த்தால் அச்சு அசல் மாதிரியே இருந்த பொருட்கள் அவை.

கண்ணுக்குத் தெரியாததை எண் காட்டிக்கொடுக்கும். மொபைல் சார்ஜரும் பவர் பேங்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் பதிவு செய்யாமல் இங்கே விற்கக் கூடாதவை. லேபிளில் அதன் முத்திரையும், R- என்று தொடங்கி எட்டு இலக்கம் கொண்ட எண்ணும் இருக்க வேண்டும். BIS Care செயலியில் அந்த எண்ணைப் போட்டால் தயாரிப்பாளர், பிராண்டு, என்ன பொருள் என்பதெல்லாம் வரும். எண் இருக்கிறது என்பதோடு நின்றுவிடக் கூடாது. அடுத்தவர் எண்ணை அச்சடிக்க ஒரு ஸ்டிக்கர் போதும். செயலி சொல்வதும் கையிலிருக்கும் பொருளும் ஒன்றா என்று பார்க்க வேண்டும்.

அக்கா மகன் எண்ணூரில் நைட் ஷிஃப்ட் பார்க்கிறான். ஆன்லைனில் 499 ரூபாய்க்கு ஒரு பவர் பேங்க் வாங்கிவந்தான்.

"ஐம்பதாயிரம் எம்.ஏ.எச். மாமா, ஒரு வாரம் தாங்கும்."

கையில் வாங்கியதுமே சந்தேகம் வந்தது. சார்ஜரில் செல்லாமல் போன அப்பாவின் கணக்கு பவர் பேங்கில் இன்னும் செல்லும். உள்ளே இருக்கும் லித்தியம் செல்லை லேசாக்க முடியாது. கை விரல் பருமனுள்ள ஒரு செல் சுமார் 45 கிராம். சாதாரணமாக 2,500 முதல் 3,000 எம்.ஏ.எச். வரை தரும். ஐம்பதாயிரத்துக்கு அப்படிப் பதினேழு, இருபது செல் வேண்டும். செல் மட்டுமே முக்கால் கிலோவைத் தாண்டிவிடும். தெருமுனை மளிகைக் கடைத் தராசில் வைத்தோம். மொத்தமே 140 கிராம்.

லேபிளில் இருந்த எண்ணைச் செயலியில் போட்டான். வேறொரு கம்பெனியின் எல்.இ.டி. விளக்கு வந்தது.

"ஆனா சார்ஜ் ஏறுதே மாமா?"

ஏறும். கொள்ளளவில் பொய் சொன்னவர், செல் நிரம்பியதும் மின்சாரத்தை நிறுத்தும் பாதுகாப்புச் சர்க்யூட்டை மட்டும் ஒழுங்காக வைத்திருப்பார் என்று எப்படி நம்புவது? அது இல்லாத செல் அளவுக்கு மேல் ஏறி, உப்பி, தீப்பிடிக்கக்கூடும். அவன் அதைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துத்தான் தூங்குகிறான்.

எடை குறைந்தால் பொய் என்பது நிச்சயம். எடை சரியாக இருந்தால் உண்மை என்று சொல்ல முடியாது. உள்ளே மணல் அடைத்து விற்பவர்களும் உண்டு. எடையும் எண்ணும் இரண்டுமே ஒத்துவர வேண்டும்.

பெரிய தளம் என்பதும் உத்தரவாதம் இல்லை. 2025 மார்ச்சில் கும்மிடிப்பூண்டி பக்கம் புதுவாயலில் உள்ள அமேசான் கிடங்கில் தர நிர்ணய அமைவனத்தினர் சோதனை போட்டு, தரச் சான்று இல்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்களைப் பறிமுதல் செய்தார்கள். ஃபிளாஸ்க், மின்விசிறி, பொம்மை என்று வீட்டில் புழங்கும் சாமான்கள்.

ஆகவே பொருள் வந்த அன்றே, பவர் பேங்க் என்றால் எடை போடுங்கள், எதுவானாலும் எண்ணைச் சரிபாருங்கள். தப்பாக இருந்தால் திருப்பி அனுப்பிப் பணத்தை வாங்குவதோடு விட்டுவிடாதீர்கள். அதே பொருள் நாளை இன்னொரு வீட்டுக்குப் போகும். லேபிளைப் படமெடுத்து BIS Care செயலியிலேயே புகார் கொடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் சொல்லுங்கள்.