மாற்றமில்லை, வழங்கப்பட்டது

14 (ஆ) வினாவின் விடை திருத்தப்படவே இல்லை என்று முறையிட்டு மறுமதிப்பீடு கோரும் மாணவருக்குத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம், "தங்கள் கோரிக்கை கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது, மறுகூட்டலில் மதிப்பெண்ணில் மாற்றமில்லை, விடைத்தாள் நகலை உரிய கட்டணம் செலுத்திப் பெற்றுக்கொள்ளலாம்" என்று பதில் எழுதுவதாகக் கொண்டால், அதில் 'மறுக்கப்படுகிறது' என்ற சொல் எங்குமே இல்லை என்பதுதான் அந்த நடையின் சிறப்பு. மறுமதிப்பீடு என்பது வேறொரு தேர்வாளர் விடையை மீண்டும் படித்து மதிப்பெண் இடுவது. மறுகூட்டலோ முன்னரே இட்ட எண்களை மீண்டும் கூட்டுவது. முன்னது கேட்கப்பட, பின்னது செய்யப்பட்டு, இடையிலிருந்த மறுப்பு ஒரு காற்புள்ளிக்குள் ஒளிந்துகொண்டது. மதிப்பெண் இடப்படாத விடையை எத்தனை முறை கூட்டினாலும் கூட்டுத்தொகை மாறாது என்பதால், அலுவலகம் எழுதியது கணக்கின்படி முழு உண்மையே. பல இடங்களில் திருத்தப்படாமல் விடுபட்ட விடை உண்டா என்பதையும் மறுகூட்டலின்போதே பார்ப்பதுண்டு. இந்தக் கடிதம் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

உண்மையில் வழங்கப்பட்டது நகல் ஒன்றே. அதுவும் அலுவலகத்தின் கருணை அன்று, ஏனெனில் விடைத்தாளும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தகவலே என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்திருக்கிறது. அதே தீர்ப்பு, நகல் பெறும் உரிமை மறுமதிப்பீட்டு உரிமை ஆகாது என்றும் கூறியதால், மாணவர் தம் விடையருகே உள்ள வெற்றிடத்தைக் கட்டணம் செலுத்தித் தாராளமாகப் பார்த்துக்கொள்ளலாம்.