கிழித்துப் போடுவாராம்!

கேள்வி: 11 மாத வாடகைக்கும் பின்தேதியிட்டு செக் கொடுத்திருந்தேன். ஆறாம் மாதமே காலி செய்கிறேன். மீதி ஐந்து செக்கையும் கிழித்துப் போட்டுவிடுவதாக ஹவுஸ் ஓனர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: தாராளமாக. உங்கள் கண் முன்னால் கிழித்தால்! சாவியைக் கொடுக்கும்போதே செக்குகளைக் கேட்டு வாங்குங்கள். 'எங்கே வைத்தேனோ, தேடணும்' என்று இழுத்தால், காலி செய்த தேதி, ஐந்து செக்கின் எண்கள் எல்லாம் எழுதி, 'இனி வங்கியில் போட வேண்டாம்' என்று பதிவுத் தபால் அனுப்புங்கள். அடுத்த செக்கின் தேதி வருவதற்குள், அதே எண்களைக் குறிப்பிட்டு உங்கள் வங்கியில் 'ஸ்டாப் பேமென்ட்' கொடுங்கள். பணம் போன பிறகு கொடுப்பது, பஸ் போன பிறகு கை காட்டுவதுதான். கொஞ்சம் கட்டணம் பிடிப்பார்கள்.

வாடகை பாக்கி இருந்தால் மட்டும் இந்த வித்தை பலிக்காது. ஸ்டாப் செய்த செக்குக்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவில் வழக்கு வரும். செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் ஓனர் நோட்டீஸ் அனுப்பலாம். அது உங்கள் கைக்கு வந்த 15 நாளுக்குள் பணம் கட்டியாக வேண்டும். பாக்கியே இல்லையென்றாலும் நோட்டீஸைப் பீரோவில் பூட்டாதீர்கள். சாவி கொடுத்ததற்கு எழுதி வாங்கிய சீட்டோடு வக்கீல் மூலம் பதில் போடுங்கள்.

எழுதி வாங்கினீர்கள்தானே?