மெச்சிங் அக்கா

தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு தலைவர் இருப்பார், ஒரு கோயில் கமிட்டி இருக்கும், பேயோட்ட ஒரு பூசாரியும் இருப்பார். இவர்களுக்கெல்லாம் கூட்டமோ சண்டையோ ஏதோ ஒன்று நடந்துதான் பதவி வரும். எந்தக் கூட்டமும் கூடாமல், யாரும் மாலை போடாமல் பதவிக்கு வந்துவிடுகிறவர் ஒருவர் உண்டு. அவர்தான் மெச்சிங் அக்கா. கஹவத்தைப் பக்கத்துத் தோட்டங்களில் லயத்துக்கு ஒருவராவது இருக்கிறார். தீபாவளி அட்வான்ஸ் கைக்கு வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போனால், துணிக்கடை வாசலில் நான்கைந்து அக்காமார் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டு நிற்பதைக் காணலாம்.

பெரும்பாலும் இவர் கல்யாணத்துக்கு முன்னால் கட்டுநாயக்காவிலோ பியகமவிலோ கார்மெண்ட்டில் நின்றவராக இருப்பார். அங்கே தைத்ததைவிடத் துணியின் நிறத்தைச் சரிபார்க்கும் மேசைக்குப் பக்கத்தில் நின்றதுதான் அதிகம் என்பார். லயத்துக்குத் திரும்பி வந்தபோது கொண்டுவந்த சூட்கேஸ் எப்போதோ உடைந்துவிட்டது. அந்த மேசை மட்டும் இன்னமும் தலைக்குள் இருக்கிறது.

போன தீபாவளிக்குப் பக்கத்துக் காம்பராப் புள்ளையைக் கூட்டிக்கொண்டு கடையேறினார். புள்ளைக்கு உடனே ஒரு குர்தா பிடித்துவிட்டது. அரக்குச் சிவப்புத் தரை, அதில் உள்ளங்கை அளவு மஞ்சள் மாங்காய், மாங்காய்க்குள் சின்னதாக ஓர் இலைப் பச்சை, சுற்றிலும் கிரீம் புள்ளி. "இதுக்கு மஞ்சள் லெகின்ஸ் போட்டா சூப்பரா இருக்கும்க்கா" என்றது. அக்கா பதில் சொல்லவில்லை. கடைப் பையனைப் பார்த்து, "மல்லி, இதப் புடிச்சிக்கிட்டு அந்தக் கோடிக்குப் போ" என்றார். பையன் குர்தாவை நெஞ்சில் பிடித்துக்கொண்டு கடையின் மறுகோடிக்கு நடந்தான். அக்கா கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு பார்த்தார். கண்வலி என்று நினைத்து முதலாளி கதிரை எடுத்துப் போட்டார்.

அந்த நடைக்குக் காரணம் இருக்கிறது. பிரிண்ட் துணியைக் கையில் வைத்துப் பார்த்தால் பூ தெரியும், இலை தெரியும். ஆனால் கோயிலில் எதிரே வருகிறவர்களுக்கு அவ்வளவும் தெரியாது. பத்தடி தள்ளிப் பார்த்தால் பொடிப் பிரிண்ட் எல்லாம் கரைந்து ஒரே நிறமாகிவிடும். வெள்ளையில் பொடிப்பொடியாகச் சிவப்புப் பூப் போட்ட துணி தூரத்தில் ரோசாத்தான். அதற்குச் சிவப்புக் கால்சட்டை போட்டால் மேலே ரோஸ், கீழே சிவப்பு என்று ஆள் இரண்டு துண்டாகிப் போவார். ஆகவே பொடிப் பிரிண்டுக்குத் தூரத்தில் தெரிகிற நிறத்தை வைத்து வெறும் நிறத்தைத் தேட வேண்டும். மாங்காய் மாதிரிப் பெரிய பிரிண்ட் தூரத்திலும் கரையாது. அதற்குப் பிரிண்டுக்குள்ளிருந்தே ஒரு நிறத்தை எடுக்கலாம். எந்த நிறத்தை என்பதில்தான் அக்காவின் படிப்பெல்லாம் இருக்கிறது.

"மஞ்சள் வேணாம் புள்ள" என்று தீர்ப்பு வந்தது. "இருக்கிறதுலயே வெளிச்சமான கலர் அதுதான். காலுக்குப் போட்டின்னா வாறவன் போறவன் எல்லாம் காலத்தான் பாப்பான். மொகத்த யாரு பாக்குறது?" அடுத்தது தரையின் அரக்குச் சிவப்பு. அதில் தவறே இல்லை என்றார். மேலும் கீழும் ஒரே நிறமாக ஓடுவதால் கட்டையான ஆளும் கொஞ்சம் நெட்டையாகத் தெரிவார், பயந்தவர்கள் அதையே வாங்கலாம். "நீ என்னா பயந்தவளா?" என்று ஒரு கேள்வியும் கேட்டார். கிரீம் அழகுதான். ஆனால் தீபாவளி ஐப்பசியில் வருகிறது, ஐப்பசி மழை பின்னேரத்தில் வருகிறது, லயத்திலிருந்து ரோட்டுக்கு இறங்குகிற பாதையோ செம்மண். கிரீம் கால்சட்டை கோயிலுக்குப் போகும்போது ஒரு நிறமாகவும் திரும்பும்போது வேறொரு நிறமாகவும் இருக்கும்.

மிச்சம் இருந்தது மாங்காய்க்குள் ஒளிந்திருந்த அந்த இலைப் பச்சை. குர்தாவில் மிகக் குறைவாக இருக்கிற நிறம், அதோடு கருமையான நிறம். அதைக் காலுக்கு எடுத்ததும் புள்ளையே வாயைப் பிளந்தது. அதுவரை கண்ணில் படாத இலைகள் ஒவ்வொன்றாக மேலே வந்துவிட்டன. குறைவாக இருக்கிற நிறத்தைக் கீழே பெரிதாக வைத்தால் கண் மேலேயும் போய் அதையே தேடும். தேடிக் கிடைத்துவிட்டால் இரண்டும் ஒரே உடுப்பு என்று ஒப்புக்கொள்ளும். இதை அக்கா இவ்வளவு நீட்டிச் சொல்லமாட்டார். "பாத்தியா, இலை முழிச்சிக்கிச்சி" என்பதோடு சரி.

இதோடு விட்டால் அவர் சாதாரண அக்கா. பச்சைத் துணிச் சுருளையும் குர்தாவையும் தூக்கிக்கொண்டு நேரே வாசலுக்கு நடந்தார். முதலாளி பதறிப்போய்ப் பின்னால் ஓடினார். கடை விளக்கின் கீழே அச்சாகப் பொருந்திய பச்சை, வாசல் வெளிச்சத்தில் நீலமடித்துக்கொண்டு நின்றது. குர்தா பருத்தி, சுருள் பொலியெஸ்டர். பருத்தி ஏற்கிற சாயம் வேறு, பொலியெஸ்டர் ஏற்கிற சாயம் வேறு. ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரிகிற இரண்டு சாயம் இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்துவிடும். கார்மெண்ட்டில் இதற்கென்றே ஒரு பெட்டி வைத்து, விளக்கை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பார்கள். கஹவத்தையில் அந்தப் பெட்டி இல்லாததால் கடை வாசலே பெட்டி. "மல்லி, மே பாட்ட கொட்டன் தியெனவத?" என்று சிங்களத்தில் கேட்டுப் பருத்தியிலேயே ஒரு பச்சையை இறக்கவைத்தார். அதையும் வாசலில் பார்த்து, நனைத்த வெள்ளைக் கைலேஞ்சியால் ஓரத்தை அழுத்தித் தேய்த்து, சாயம் ஏறவில்லை என்று கண்ட பிறகுதான் கத்தரிக்கோலுக்கு உத்தரவு கிடைத்தது. வாங்கியது இரண்டரை மீட்டர். கால்சட்டைக்குப் போக மிஞ்சுகிற துண்டில் குர்தாவின் கை ஓரத்துக்கு அரை அங்குலப் பட்டி வைக்கச் சொல்லித் தையல்காரிக்கு அங்கிருந்தே போன் போனது. கீழே இருக்கிற பச்சை கையிலும் ஒரு கோடாக வந்துவிட்டால் பிறகு யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

லெகின்ஸ் வாங்க வருகிறவர்களுக்கு இன்னொரு பரீட்சை உண்டு. இரண்டு பெருவிரலையும் உள்ளே விட்டு, முழங்கால் வருகிற இடத்தை இழுத்துப் பார்ப்பார். இழுத்ததும் நிறம் வெளிறி உள்ளே விரல் தெரிந்தால் சுருட்டி வைத்துவிடுவார். மடித்து வைத்திருக்கிற லெகின்ஸின் நிறமும் காலில் ஏறிய லெகின்ஸின் நிறமும் ஒன்றில்லையாம். அட்டையில் சுற்றியிருக்கிற நிறத்துக்கு மெச்சிங் பார்த்தவர்கள் அட்டைக்குத்தான் உடுப்பு வாங்கியிருக்கிறார்கள் என்பார்.

அவரோடு சண்டை பிடிக்க விரும்புகிறவர்கள் வெள்ளை லெகின்ஸ் எடுத்துவந்து காட்டினால் போதும். வெள்ளை எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று ஊரே நம்புகிறது, அக்கா மட்டும் நம்புவதில்லை. பிரிண்ட் குர்தாவில் வெள்ளை என்று நாம் நினைப்பது பாதிக்குப் பாதி கிரீம்தான். கடையில் விற்கிற புது வெள்ளையோ நீலம் போட்டதுபோல் பளீரென்று இருக்கும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் லெகின்ஸ் புதிதாகவும் குர்தா துவைக்காததாகவும் தெரியும். "காசு குடுத்து வாங்கி அழுக்குச் சட்ட போட்ட பேரு வேணுமா?" இந்த வசனத்தைப் பிள்ளைகள் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள்.

சோல் விஷயத்தில் அவர் கொஞ்சம் கெடுபிடி. பிரிண்ட் குர்தாவுக்குப் பிரிண்ட் சோல் என்று கேட்டால் முகம் மாறிவிடும். இரண்டு பிரிண்ட் சேரவே கூடாது என்று அவர் சொல்வதில்லை. ஒன்று பெரிது, ஒன்று பொடி என்று அளவில் நல்ல வித்தியாசம் இருந்து, இரண்டு நிறமாவது இரண்டிலும் பொதுவாக இருந்தால் விடுவார். ஒரே அளவுப் பூ இரண்டு வந்தால் கண்ணுக்கு நிற்க இடம் கிடைக்காது. தெரியாவிட்டால் வெறும் நிறத்திலேயே சோலை எடு, ஓரத்தில் மெல்லிய கரை இருந்தால் போதும் என்பது அவர் சட்டம். இதில் எனக்கு அவரோடு கொஞ்சம் பேதம் உண்டு, கரை இல்லாத சோலும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் முன்னால் சொல்லவில்லை.

ஒரு குடும்பத்துக்கே ஒரு சுருள் பிரிண்ட் வாங்கி, அப்பாவுக்குச் சேர்ட், பிள்ளைகளுக்குக் கவுன், மிச்சத்தில் தலையணை உறை என்று தைக்கிற வழக்கம் நம்மிடம் உண்டே, அதைக் கண்டால் அக்காவுக்கு ஆகாது. "பேண்ட் வாத்தியக் கோஷ்டியா நீங்க?" என்பார். பிரிண்டை இரண்டு பெண் பிள்ளைகளுக்கு மட்டும் விட்டு, ஆண் பிள்ளைகளுக்கு அதில் இருக்கிற ஏதாவதொரு நிறத்தில் வெறும் சேர்ட் எடுத்துக்கொடுப்பார். போட்டோவில் குடும்பம் குடும்பமாகவே தெரியும். அவருடைய வீட்டுக்காரர் கதை வேறு. கட்டம் போட்ட சாரத்துக்குப் பூப்போட்ட சேர்ட்டைப் போட்டுக்கொண்டு ஒருநாள் பெல்மடுளை பஸ் ஏறப் போனவரைப் பாதி வழியில் மறித்துத் திருப்பியனுப்பினார். மனிதர் இப்போது நான்கு வெறும் வெள்ளைச் சேர்ட்டோடு நிம்மதியாக வாழ்கிறார்.

இத்தனை சட்டம் பேசுகிறவர் திங்கட்கிழமை காலையில் கொழுந்தெடுக்கப் போகிற கோலத்தைப் பார்க்க வேண்டும். பூப்போட்ட பாவாடை, அதன்மேல் புருஷனுடைய பழைய கட்டம் போட்ட சேர்ட், இடுப்பில் படங்கு, தலையில் எந்தக் காலத்துச் சேலையிலோ கிழித்த புள்ளித் துணி. பொடி, பெரிது, கோடு, கட்டம், புள்ளி எல்லாம் ஒன்றாக நிரையேறிப் போகும். ஒருநாள் ஒரு சின்னப் புள்ள துணிந்து கேட்டேவிட்டது. அக்கா கையை நிறுத்தாமல், "கொழுந்து என்னய நிமிந்து பாக்குதா?" என்றார்.

இந்தத் தீபாவளிக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போக நினைக்கிறவர்களுக்கு ஒரு சொல். குர்தாவைக் கையோடு கொண்டுபோங்கள், நிறத்தை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். காலை எட்டு மணி பஸ்ஸிலேயே இறங்கிவிடுங்கள். இரண்டு மணிக்குமேல் மழைமேகம் கட்டிவிட்டால் வாசலில் வெளிச்சம் இராது. வெளிச்சம் இல்லாவிட்டால் அக்கா உங்களைப் பச்சைத் தண்ணீர்கூட வாங்கவிடமாட்டார்.